மேற்படிப்புக்குப் போகும் செவிலியரின் விலகல் கடிதம்: கேள்வி பதில்

தனியார் மருத்துவமனைகளில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.

எம்.எஸ்சி. நர்சிங்கில் இடம் கிடைத்திருக்கிறது அம்மா. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. எங்கள் கண்காணிப்பாளர் மனம் நோகாமல் எப்படி எழுதுவது?

முதலில், இடம் உறுதியாகிக் கல்லூரிக் கட்டணம் கட்டிய ரசீது கையில் இருக்கட்டும். அதற்கு முன் கடிதம் வேண்டாம். பிறகு கண்காணிப்பாளரை நேரில் பார்த்து வாயால் சொல்லிவிடுங்கள். பணியாளர் துறையிலிருந்து அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால், கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மனம் நோகத்தான் செய்யும்.

அவருக்கு உடனே எழும் கவலை அடுத்த மாத டூட்டி பட்டியல். அதனால் கடைசி நாள் எது என்பது முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். நன்றி அதற்குப் பிறகு வரட்டும். ‘தங்கள் பொன்னான வழிகாட்டுதலுக்கு’ என்று எழுதாதீர்கள். அந்த வார்டில் கற்ற ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் போதும். உங்கள் நிலைமைக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> பெறுநர்: செவிலியர் கண்காணிப்பாளர்
> வழி: பொறுப்புச் செவிலியர், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு
> பொருள்: மேற்படிப்புக்காகப் பணியிலிருந்து விலகுதல்
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> குழந்தைகள் நலச் செவிலியத்தில் எம்.எஸ்சி. படிக்க எனக்கு இடம் கிடைத்துள்ளது. வகுப்புகள் அக்டோபர் 9 அன்று தொடங்குகின்றன. எனவே, பணி நியமன ஆணையில் உள்ள 30 நாள் முன்னறிவிப்பாக இக்கடிதத்தைச் செப்டம்பர் 3 அன்று அளிக்கிறேன். அக்டோபர் 3 எனது கடைசிப் பணிநாளாக இருக்கும்.
>
> இன்குபேட்டருக்குள் கை விடும் முன் கையைச் சூடாக்கிக்கொள்வதிலிருந்து, குழந்தையைத் தொடவே அஞ்சும் தாயின் மார்பில் அதைக் கங்காரு முறையில் கிடத்துவது வரை, எல்லாமே இந்தப் பிரிவில் நான் கற்றவை. இந்தத் துறையையே மேலும் படிக்க வேண்டும் என்ற எண்ணமும் இங்கேதான் பிறந்தது. தங்களுக்கும் உடன் பணிபுரிந்த சகோதரிகளுக்கும் நன்றி கூறுகிறேன்.
>
> என் பொறுப்பில் உள்ள அவசர மருந்து வண்டிச் சரிபார்ப்பையும் மாதாந்திர இண்டென்ட் பதிவேட்டையும், தாங்கள் குறிப்பிடும் செவிலியரிடம் செப்டம்பர் இறுதிக்குள் ஒப்படைத்துவிடுவேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் பணி நேரத்தில் பயிற்சி தரவும் தயாராக இருக்கிறேன்.
>
> கடைசி நாளில் பணிவிடுவிப்பு ஆணையும், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பணியாற்றிய பிரிவு ஆகியவை அடங்கிய அனுபவச் சான்றிதழும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பணியாளர் எண், செவிலியர் கவுன்சில் பதிவு எண், கையொப்பம்)

செப்டம்பர் 4 முதல் எண்ணினால் அக்டோபர் 3 அன்று 30 நாள் முடிகிறது. அன்று இரவுப் பணி போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டால் 4ஆம் தேதி காலையில்தான் வெளியே வருவீர்கள். ஆணையில் ஒரு தேதியும் வருகைப் பதிவில் வேறு தேதியும் விழும். அதைத் திருத்த நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். கடைசி நாளுக்குப் பகல் பணி வேண்டும் என்று பட்டியல் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கையொப்பம், தேதி, முத்திரை மூன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்படிப்பு என்று எழுதினால் நோட்டீஸ் காலம் பார்க்கத் தேவையில்லை என்கிறார்களே சிஸ்டர்? என் நண்பன் ஒரே வாரத்தில் விடுபட்டான்.

நண்பரை விட்டிருப்பார்கள் தம்பி, அது நடக்கக்கூடியதுதான். படிப்புக்குப் போகிறவர் என்றால் பல நிர்வாகங்கள் நாட்களைக் குறைத்துக்கொடுக்கும். மீதமுள்ள விடுப்பைக் கழித்துக்கொள்வதும் உண்டு. அந்த நாட்களுக்கான சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு விடுவதும் உண்டு. ஆனால் அது அவர்கள் தரும் சலுகை, நம் உரிமை இல்லை. உங்கள் நியமன ஆணையில் எத்தனை நாள் என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு. சில இடங்களில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் கூடுதல் நாள் போட்டிருப்பார்கள், ஆணையின் பின்பக்கத்தையும் படியுங்கள்.

கல்லூரி முன்னதாகத் தொடங்கினால் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: ‘சேர்க்கைக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன், இயன்றால் இன்ன தேதியில் விடுவிக்குமாறு வேண்டுகிறேன்.’ பதில் எழுத்தில் வரும்வரை பணிக்குப் போய்க்கொண்டிருங்கள். சொல்லாமல் நின்றவருக்கு அனுபவச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. எம்.எஸ்சி.க்கு ஓராண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். சேர்க்கையில் காட்ட வேண்டிய தாளே அதுதான்.

நான் அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். டிப்ளமோ முடித்தவள். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு ஆண்டு படிக்க வேண்டும். மேலே உள்ள கடிதத்தையே தேதி மாற்றிக் கொடுத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. இது தனியார் மருத்துவமனைக்கான கடிதம். அரசுப் பணியில் விலகல் கடிதம் கொடுத்தால், அதுவரை பார்த்த பணிக்காலமே கைவிட்டுப் போகக்கூடும். படிப்புக்குத் தடையின்மைச் சான்றிதழ் கேட்டு முறையான வழியில் விண்ணப்பிக்க வேண்டும். விடுப்பு விதிகளையும் உங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த விண்ணப்பத்தில் ‘விலகல்’ என்ற பேச்சே வரக்கூடாது.

மூன்று ஆண்டு இரவுப் பணியில் பிழிந்து எடுத்தார்கள். மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருத்தியாகப் பார்த்தேன். அதையும் கடிதத்தில் எழுதினால் என்ன?

எழுதலாம், யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தாள் உங்கள் கோப்பில்தான் கிடக்கும். நாளைக்கு வேறு இடத்தில் வேலை கேட்கும்போது, அங்கிருந்து உங்களைப் பற்றி விசாரித்தால், இங்கே இருப்பவர்கள் இந்தக் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார்கள். பணியாளர் துறையில் விலகும்போது ஒரு படிவம் தருவார்கள், இல்லையென்றால் கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே தேதியோடு சொல்லுங்கள்: இன்ன இரவில் இத்தனை நோயாளிகளுக்கு இத்தனை செவிலியர். பொதுவான புலம்பலைவிட அந்தக் கணக்குக்கு மதிப்பு அதிகம். நன்றி சொல்ல மனம் வரவில்லை என்றால் அந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். மற்ற மூன்று பத்திகள் இருந்தாலே கடிதம் முறையானதுதான்.

ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டுமா?

பணியாளர் துறை எந்த மொழியில் கடிதம் அனுப்புகிறதோ அதில் கொடுங்கள். பத்திகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் எழுதி வாங்கினார்கள். ஒன்றரை ஆண்டு ஆகிறது. கடிதம் கொடுத்தால் சான்றிதழ் வருமா?

இதற்கு உறுதியான பதில் என்னிடம் இல்லை தங்கை. அசலைப் பிடித்து வைப்பது முறையல்ல என்பது என் கருத்து, நான் பார்த்த இடங்களிலும் அதை எதிர்த்தே பேசியிருக்கிறேன். ஒப்பந்தத் தொகை செல்லுமா என்பது அதில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. அதன் நகலை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்று மட்டும் செய்யலாம். விலகல் கடிதத்தில் ஒப்பந்தத்தைப் பற்றி வாதாட வேண்டாம். ‘என்னிடமிருந்து பெற்ற அசல் சான்றிதழ்கள்’ என்று தலைப்பிட்டுத் தனித்தாளில் பட்டியல் போட்டு, மதிப்பெண் பட்டியல், கவுன்சில் பதிவுச் சான்றிதழ் என ஒவ்வொன்றையும் எண்ணோடு எழுதி, திருப்பித் தரும்படி கேளுங்கள். அந்தத் தாளிலும் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால், ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உங்கள் கல்லூரி சேர்க்கையின்போதே அசலைக் கேட்குமா, பிறகு தர அவகாசம் உண்டா என்பதையும் இன்றே விசாரியுங்கள். எவ்வளவு அவசரப்பட வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.