முதல் பாரா: என்ன, எப்போது, எங்கே, யார் - கேள்வி பதில்

நிலவில் மனிதன் இறங்கியது பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். முதல் பாரா இது: "மனிதகுலத்தின் நெடுநாள் கனவு அன்று நனவானது. எண்ணற்ற விஞ்ஞானிகளின் அயராத உழைப்பு வீண்போகவில்லை. அந்தச் சாதனையை உலகமே வியந்து பார்த்தது." நன்றாக இல்லை என்கிறார்கள். என்ன குறை?

மூன்று வாக்கியம் போயாச்சு, எந்தக் கனவு, என்றைக்கு, யார் என்று ஒன்றுமே வரவில்லை. தலைப்பை மறைத்துவிட்டுப் படித்தால் இது தடுப்பூசி பற்றிய கட்டுரையாகக்கூட இருக்கலாம். உங்கள் கட்டுரையைக் கீழே வரை படித்தேன், நாலு விவரமும் இருக்கின்றன, தேதி மூன்றாம் பாராவிலும் பெயர்கள் ஐந்தாம் பாராவிலும் கிடக்கின்றன. அவற்றை மேலே இழுத்தால் இப்படி வரும்:

"மனிதர்கள் முதன்முறையாக 1969 ஜூலை 20 அன்று நிலவில், அமைதிக் கடல் எனப்படும் சமவெளியில் இறங்கினார்கள். இறங்கியவர்கள், அமெரிக்காவின் அப்பல்லோ 11 பயணத்தில் சென்ற நீல் ஆம்ஸ்ட்ராங், பஸ் ஆல்ட்ரின் இருவரும்."

மைக்கேல் காலின்ஸ் மூன்றாவது வாக்கியத்துக்குப் போகலாம், அவர் இறங்கவில்லை, மேலே கொலம்பியா கலத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். "உலகமே வியந்தது" வேண்டுமானால் நாலாவதாக வரட்டும்.

வேலை இதோடு முடியவில்லை. ஐந்தாம் பாராவில் "நீல் ஆம்ஸ்ட்ராங் என்ற விண்வெளி வீரர்" என்று அறிமுகம் செய்திருந்தீர்கள், இப்போது அவர் முதல் பாராவிலேயே வந்துவிட்டதால் அங்கே வெறும் "ஆம்ஸ்ட்ராங்" போதும். அதேபோல "அந்தச் சாதனை", "இந்நிகழ்வு" என்று தொடங்கும் வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்னால் இருந்த வாக்கியத்தைத் தூக்கிய பிறகு அந்த "அந்த" எதைச் சுட்டுகிறது என்றே தெரியாமல் நிற்கும். மாற்றி எழுதும்போது அதிகம் சொதப்புவது இங்கேதான்.

நாலையும் ஒரே வாக்கியத்தில் அடக்கினால் இன்னும் நல்லதுதானே?

முயன்று பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது, அதனால் தேதி, பயணத்தின் பெயர், கலத்தின் பெயர், இடம், இரண்டு ஆட்கள் எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டே போனால்தான் "இறங்கினார்கள்" வரும், அதற்குள் வாசகர் தொடக்கத்தை மறந்திருப்பார். விவரம் குறைவாக இருந்தால் ஒன்றே போதும். இல்லையென்றால் நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிட்டு ஆட்களை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளுங்கள்.

ஜூலை 20 தவறு. இந்தியாவில் அப்போது 21 ஆகிவிட்டது. நம் வாசகர்களுக்கு 21தான் சரி.

பாதி சரி. கலம் இறங்கியது உலகப் பொது நேரப்படி 20ஆம் தேதி 20:17க்கு, இந்திய நேரத்தில் அது 21 அதிகாலை 1:47.

அப்படியானால் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது? அது பொது நேரப்படியே 21தான்!

ஆமாம், 02:56. ஆனால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போதும் 20ஆம் தேதி இரவு 10:56. அதனால்தான் முதலில் "என்ன" என்பதை முடிவு செய்யச் சொல்கிறேன். இறங்கியதா, கால் வைத்ததா? இரண்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளி நடந்த வெவ்வேறு நிகழ்வுகள். "இறங்கி நடந்தார்கள்" என்று ஒரே வினையில் கட்டினால் தேதி இடிக்கும். நான் இறங்கியதை எடுத்தேன், பொது நேரத்தை வைத்தேன்.

வாசகரின் நேரத்தை வைக்காமல் யாருக்காக எழுதுகிறோம்?

நியாயமான கேள்விதான். 21 என்று போட்டால் பக்கத்திலேயே "இந்திய நேரப்படி" என்று சேர்த்தாக வேண்டும், அது முதல் வாக்கியத்தைக் கனமாக்கும் என்பது என் கட்சி. கட்டுரை முழுக்க ஒரே நேரத்தைப் பின்பற்றுவீர்களானால் உங்கள் வழியில் போங்கள், சண்டை போட மாட்டேன்.

என் சிறுகதையின் முதல் பாராவுக்கும் இதே விதியா?

இல்லை. கதைக்காரர்களைக் கேளுங்கள்.

"எப்போது" என்பதற்கு "கடந்த வாரம்" என்று எழுதலாமா?

கூடாது. படிப்பவர் எந்த வாரத்தில் படிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. தேதி போடுங்கள்.

"நேற்று" என்றால்?

தேதி.

"அண்மையில்"?

மேலே இரண்டு பதில் இருக்கிறது, படியுங்கள்.

"ஏன்", "எப்படி" எங்கே போகும்?

பெரும்பாலும் இரண்டாம் பாராவுக்கு. அவற்றை ஒரு வரியில் சொன்னால் அரைகுறையாகத்தான் இருக்கும்.

எழுதியது சரியா என்று எப்படிப் பார்ப்பது?

முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் வெட்டி, விஷயம் தெரியாத ஒருவரிடம் தலைப்பில்லாமல் கொடுங்கள். அப்புறம் அதை வாங்கி வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். "யாரோ எங்கேயோ" என்று இழுத்தால் அந்த இடத்தைத் திருத்துங்கள்.

நாலையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் சுருக்கமாக இருக்குமே?

இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.