கண்ணை மட்டும் பார்த்து ஆளைச் சொல்ல முடியுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

முகப் படங்களை ஒப்பிட்டு அறிக்கை தருவதே என் தொழில். முகக்கவசம், துப்பட்டா, ஹெல்மெட் என்று முகத்தில் பாதி மறைந்த படங்களைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பல கடிதங்களில் ஒரு பெயர் தயாராக இருந்ததைக் கண்டு கவலைப்பட்டேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முகக்கவசம் போட்ட ஒருவன் இரவில் எங்கள் கல்லாவைத் திறந்து பணம் எடுத்துவிட்டான். கேமராவில் கண்ணும் நெற்றியும் தெரிகின்றன. முன்பு எங்களிடம் வேலை பார்த்த பையனின் கண் அப்படியே இருக்கிறது. காவல் நிலையத்தில் அவன் பெயரைச் சொல்லலாமா? (ஜவுளிக் கடைக்காரர், ஈரோடு)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு. படத்தின் அகலம் 1920 பிக்சல். கல்லா இருக்கும் தூரத்தில் உங்கள் கேமரா ஏறக்குறைய 10 மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. அப்படியானால் ஒரு மீட்டருக்கு 192 பிக்சல். முகத்தின் அகலம் 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் முழு முகத்துக்கும் 29 பிக்சல்தான் கிடைக்கிறது, ஒரு கண்ணுக்கு ஆறு. "கண் அப்படியே இருக்கிறது" என்று நீங்கள் சொல்வது இந்த ஆறு புள்ளிகளை வைத்துத்தான். கண்காணிப்பு கேமராக்களுக்கான சர்வதேசத் தரமான IEC 62676-4, தன் 2014 பதிப்பில், முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது. நன்கு தெரிந்தவரை இன்னார் என்று கண்டுகொள்ள 125 போதும் என்கிறது. 192 அதைத் தாண்டிவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். அந்த எண்கள் திறந்த முகத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை.

முகக்கவசம் எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். மூக்கின் நுனி, உதடு, மோவாய், தாடைக் கோடு, கன்னத்து மச்சம் எல்லாம் போய்விட்டன. காது மடல் எங்களுக்கு மிகவும் உதவும் உறுப்பு. கவசத்தின் நாடா அதையும் முன்னால் இழுத்து வளைத்துவிடுகிறது. மிஞ்சியிருப்பது புருவமும் இமையும் நெற்றியும். புருவம் சீராக்கினால் மாறும், இமை தூக்கம் கெட்டால் வீங்கும், நெற்றிச் சுருக்கம் ஆள் எங்கே பார்க்கிறான் என்பதைப் பொறுத்தது.

ஒப்பிடும்போது நாங்கள் முதலில் வேற்றுமையைத்தான் தேடுவோம். ஒளியாலோ கோணத்தாலோ விளக்க முடியாத ஒரே ஒரு வேற்றுமை இருந்தாலும் "இவர் அவரல்லர்" என்று எழுதலாம். அதற்குச் சில சமயம் பாதி முகமே போதும். ஒற்றுமைக்கு அந்த வலிமை கிடையாது. அடர்ந்த புருவமும் சற்றே தொங்கிய மேல் இமையும் சேர்ந்து 200 ஆண்களில் ஒருவருக்கு இருப்பதாக, கணக்குக்காக மட்டும், வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ஆண்கள் உள்ள ஊரில் அது 500 பேர். அந்த 500 பேரில் உங்களுக்குத் தெரிந்தவன் ஒருவன்தான் என்பதால் அவன் முகம் உங்கள் நினைவுக்கு வந்தது. மற்ற 499 பேரை நீங்கள் பார்த்ததே இல்லை.

காவல் நிலையத்தில் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். மேசையின் விளிம்பு அவன் இடுப்பில் எந்த உயரத்துக்கு வந்தது, எந்தக் கையால் இழுப்பறையைத் திறந்தான், சாவி தொங்கும் ஆணியைத் தேடாமல் நேராகப் போனானா என்பவையெல்லாம் பயன்படும். சாவியின் இடம் தெரிந்தவன் என்றால் இதுவரை உங்களிடம் வேலை பார்த்த அத்தனை பேரின் பட்டியலையும் கொடுங்கள். அந்தப் பையன் பெயரை மட்டும் கொடுத்தால் விசாரணை அந்த ஒரு வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

என் கணவர் முழு ஹெல்மெட் போட்டு வந்தாலும் தெருமுனையிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு ஏன் முடியாது என்கிறீர்கள்? (இல்லத்தரசி, திருச்சி)

உங்களுக்குத் தெரிவது உண்மைதான் அம்மா. ஆனால் அது முகத்தைப் பார்த்து வருவதில்லை. வண்டியின் சத்தம், சட்டை, அவர் தோளைச் சாய்த்து உட்காரும் விதம், மாலை ஏழு மணி, உங்கள் தெரு என்று எல்லாம் சேர்ந்து அவரைச் சொல்கின்றன. அதே ஹெல்மெட்டோடு, வேறு வண்டியில், வேறு ஊர்ச் சாலையில் அவர் கடந்து போனால் கவனிப்பீர்களா என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நெருங்கியவர் முகத்தை நாம் கண், மூக்கு, வாய் என்ற உட்பகுதியை வைத்து நினைவில் கொள்கிறோம். அந்நியர் முகத்தையோ தலையின் வடிவம், முடி தொடங்கும் கோடு போன்ற வெளி எல்லைகளை வைத்துத்தான் பெரிதும் பிடித்துக்கொள்கிறோம். இது 1979-லிருந்தே ஆய்வுகளில் கண்ட செய்தி. ஹெல்மெட் மறைப்பது இந்த வெளி எல்லைகளை. ஆகவே சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடியவனைப் பார்த்த ஒருவர், தம் மனம் எதைப் பற்றிக்கொண்டிருக்குமோ அதையே பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, ஹெல்மெட்டின் உள் பஞ்சு கன்னத்தை மேலே தள்ளிக் கண்ணைச் சிறுத்துக் காட்டும். தெரிகிற கண்கூட அவனுடைய வழக்கமான கண்ணாக இருப்பதில்லை.

முகக்கவசத்தோடு என் கைப்பேசி திறக்கிறது. இயந்திரத்தால் முடிவது காவல்துறையின் கணினியால் முடியாதா? (கல்லூரி மாணவர், கோவை)

ஐபோனில் அந்த வசதி 2022 மார்ச்சில் வந்தது. கைப்பேசி தன்னிடம் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: "இது என் உரிமையாளர்தானா?" விடை ஆம் அல்லது இல்லை. ஒரு கை தூரத்தில், அகச்சிவப்பு ஒளியில், நீங்களே நேராக முகத்தைக் காட்டிப் பதிவு செய்த வடிவத்தோடு அது ஒப்பிடுகிறது. தெருக் கேமரா படத்தை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான படங்களில் "இது யார்?" என்று தேடுவது முற்றிலும் வேறு வேலை.

எளிதான அந்த முதல் வேலையிலேயே எவ்வளவு சறுக்கல் என்பதை அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான NIST 2020 ஜூலையில் வெளியிட்டது. படங்களின் மேல் கணினியால் முகக்கவசம் வரைந்து 89 நிரல்களைச் சோதித்தார்கள். முகம் திறந்திருந்தபோது மிகச் சிறந்த நிரல்கள் ஆயிரத்தில் மூன்று முறைதான் ஒரே ஆளை ஒரே ஆள் என்று காணத் தவறின. கவசம் வந்ததும் அது நூற்றுக்கு ஐந்தாயிற்று. மற்றபடி நன்றாக இயங்கும் பல நிரல்கள் நூற்றுக்கு 20 முதல் 50 வரை தவறின. மூக்கை எவ்வளவு மேலே மூடுகிறதோ அவ்வளவு பிழை. இவையெல்லாம் கேமரா முன் ஒத்துழைத்து நின்றவர்களின் படங்கள்.

கணினியே ஒரு பெயரைக் காட்டினால் அதை நம்பலாம் அல்லவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

கணினி தருவது பெயர்களின் வரிசை. தேடக் கொடுத்த படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், அதற்குக் கிட்டத்தட்ட ஒத்தவர்களை அது வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். தேடப்படுபவர் கணினியிலுள்ள படத் தொகுப்பிலேயே இல்லாவிட்டாலும் வரிசையின் தலையில் ஒருவர் இருப்பார்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். 2018 அக்டோபரில் ஒரு கடையில் ஐந்து கைக்கடிகாரங்கள் திருடு போயின. கேமராவில் பதிந்தவர் தொப்பி போட்டிருந்தார், முகத்தில் நிழல், படமும் மங்கல். கணினித் தேடலில் ஒருவரின் காலாவதியான ஓட்டுநர் உரிமப் படம் வந்தது. அடுத்த படிதான் எனக்கு மனம் பொறுக்காதது. அந்தப் படத்தை வேறு ஐந்து படங்களோடு சேர்த்து ஒரு பாதுகாப்பு ஊழியரிடம் காட்டினார்கள். அவர் திருட்டை நேரில் பார்த்தவரே அல்லர், அதே மங்கல் காட்சியைத்தான் பார்த்திருந்தார். கணினி எந்தப் படத்தை வைத்துத் தேடியதோ அதையே வைத்து அவரும் அதே ஆளைக் காட்டினார். ஒரே சான்று இரண்டாகிவிட்டது. 2020 ஜனவரியில் அந்த மனிதரை வீட்டு வாசலில், மனைவி மகள்கள் கண் முன்னே கைது செய்து சுமார் 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். அவர் அந்தக் கடைத் திருடர் அல்லர். முகத் தேடலை மட்டும் வைத்துக் கைது செய்யக்கூடாது, தேடலில் வந்த படத்தை நேரே சாட்சிக்குக் காட்டவும் கூடாது என்று அந்த நகரக் காவல்துறை ஒப்புக்கொண்டது 2024-இல்.

அங்கே மறைத்தது ஒரு தொப்பியின் நிழல்தான். துப்பட்டா அதைவிட எவ்வளவோ அதிகம் மறைக்கிறது.

கண் மட்டும் தெரிந்தது என்று புகாரில் எழுதிய பெண், அடையாள அணிவகுப்பில் என் கட்சிக்காரரைக் காட்டினார். இதை எப்படி எடுத்துக்கொள்வது? (இளம் வழக்கறிஞர், மதுரை)

அணிவகுப்பு தனித்து நிற்கும் சான்றல்ல, நீதிமன்றத்தில் சொல்வதற்குத் துணை மட்டுமே என்பது உங்களுக்குத் தெரியும். நான் பார்க்கச் சொல்வது மூன்று. புகாருக்கும் அணிவகுப்புக்கும் இடையே கைதானவரின் படம் நாளிதழிலோ யாருடைய கைப்பேசியிலோ அந்தப் பெண்ணின் கண்ணில் பட்டதா? வரிசையில் நின்ற மற்றவர்களின் புருவமும் கண்ணும் உங்கள் கட்சிக்காரருடையதை ஒத்திருந்தனவா? எல்லோருக்கும் ஒரே மாதிரி துணி கட்டி, அந்தப் பெண் அன்று பார்த்த பகுதியை மட்டும் காட்டினார்களா? திறந்த முகங்களைக் காட்டியிருந்தால், அந்தப் பெண் பார்த்தே இராத மூக்கையும் வாயையும் சேர்த்துத் தேர்வு செய்யச் சொன்னதாகும். மறைந்த பகுதியை மனம் தானே வரைந்து நிரப்பிக்கொள்ளும். அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம், அவருக்கு அது பார்த்தது போலவே இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு என்று கைதுக்கு முன்பே புகாரில் எழுதியிருந்தால் அதற்கு எடை உண்டு. அப்போதும் அது மற்றச் சான்றுகளோடு சேர்ந்துதான் நிற்க வேண்டும்.

இரவுக் காட்சியில் வெள்ளைத் துணி கட்டியவன் தெரிகிறான். எங்கள் தெருவில் ஒருவரிடம் அதே வெள்ளைத் துண்டு இருக்கிறது. (வாசகர், சேலம்)

இரவில் கேமரா அகச்சிவப்பு விளக்கில் பார்க்கிறது. அந்த ஒளியில் கறுப்புச் சாயமிட்ட துணிகள் பல வெளிறித் தெரியும். அவன் கட்டியது கறுப்புத் துணியாகவும் இருக்கலாம். இரவு இருட்டில், அதே கேமராவின் முன் ஒரு கறுப்புத் துப்பட்டாவைப் பிடித்துப் பாருங்கள்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் துப்பட்டா மூடிய ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, பெயரும் எழுதிவிட்டார்கள். இனி என்ன செய்வது? (சங்கச் செயலாளர், சென்னை)

பெயரை உடனே நீக்கச் சொல்லுங்கள், ஏன் நீக்கினோம் என்பதையும் அதே குழுவில் எழுதுங்கள். பிறகு நேராகக் கேமராவின் பதிவுப் பெட்டிக்குப் போங்கள். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்தது போதாது, பெட்டியிலிருந்து மூலக் கோப்பையே எடுக்க வேண்டும். வட்டு நிறைந்ததும் பழையதன் மேல் புதியது பதிந்துவிடும், பல இடங்களில் இரண்டு மூன்று வாரங்களிலேயே. பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் வாசலுக்கு வருவதற்குப் பத்து நிமிடம் முன்பும் பின்பும் உள்ள காட்சியையும் எடுங்கள். துப்பட்டாவைக் கட்டும் முன் அல்லது அவிழ்த்த பின் பக்கத்துக் கடைக் கேமராவில் முழு முகம் பதிந்திருக்கக்கூடும். நான் பார்த்த வழக்குகளில் ஆளைக் காட்டிக் கொடுத்தது பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கேமராதான்.