மவுஸ் இரட்டை கிளிக்: கேட்டீர்கள், சொல்கிறேன்

ஒரு தடவை தொட்டாலே ஃபோல்டர் திறந்துவிடுகிறது. மவுஸ் போச்சா, விண்டோஸ் கோளாறா?

மவுஸ் செட்டிங்ஸில் Primary mouse button என்பதை Right என்று மாற்றிவிட்டு, அரை மணி நேரம் வலது பட்டனாலேயே வேலை பாருங்கள். தொல்லை நின்றுவிட்டால் இடது பட்டனின் ஸ்விட்ச்தான் தேய்ந்திருக்கிறது. அப்போதும் எல்லா ஃபோல்டரும் ஒரே தொடலில் திறந்தால் Folder Options-ல் Single-click to open an item டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துவிடுங்கள்.

ஸ்விட்ச் என்பது பட்டனுக்கு அடியில் நகக்கண் அளவில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே மெல்லிய தகடு ஒன்று வளைந்து நிற்கும், அழுத்தினால் டக்கென்று கீழே போய்த் தொடும். புதுத் தகடும் தொட்டதும் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும், அந்தத் துள்ளலை மவுஸின் சிப் சில மில்லிசெகண்டுக்குக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நாளாக ஆக விறைப்பு குறைந்து, தொடும் இடத்தில் கறையும் படிந்து, துள்ளல் அந்த நேரத்தைத் தாண்டிப் போகும்போது அது இரண்டாவது கிளிக்காகக் கணக்காகிவிடுகிறது.

டபுள் கிளிக் ஸ்பீடைக் கூட்டினேன், எனக்குச் சரியாகிவிட்டது. இது டிரைவர் பிரச்சினைதானே அண்ணா?

பாதி சரி. அந்த ஸ்லைடர், இரண்டு கிளிக்குக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தால் டபுள் கிளிக் என்று எடுத்துக்கொள்வது என்பதை மட்டும்தான் மாற்றும். கடைசி வரை Fast-க்குத் தள்ளினாலும் 200 மில்லிசெகண்ட் இருக்கும். தேய்ந்த ஸ்விட்சின் துள்ளலோ 10, 20 மில்லிசெகண்டில் முடிந்துவிடும், அதனால் அது உள்ளே வந்தேதான் தீரும். உங்கள் மவுஸ் சில நாள் ஒழுங்காக இருந்து மறுபடி ஆரம்பிக்கும் ரகமாக இருக்கலாம்.

ஆனால் சில கேமிங் மவுஸ்களின் சாஃப்ட்வேரில் debounce என்று, துள்ளலைக் கண்டுகொள்ளாமல் விடும் நேரத்துக்குத் தனியாக ஒரு செட்டிங் உண்டு, அதைக் கூட்டினால் உண்மையிலேயே அடங்கும். தேய்மானம் நிற்காது, சில மாதம் தள்ளிப்போடலாம்.

ஃபைலை இழுக்கும்போது பாதியில் நழுவி வேறு ஃபோல்டருக்குள் விழுகிறது. சில நேரம் விரலை எடுத்த பிறகும் இழுத்துக்கொண்டே போகிறது.

இரண்டும் வேறு வேறு. பாதியில் நழுவுவது அதே தேய்ந்த தகடுதான், நீங்கள் அழுத்திப் பிடித்திருக்கும்போதே ஒரு கணம் விட்டுத் தொடுகிறது. விரலை எடுத்தும் விடாமல் இழுத்தால் முதலில் Windows + R அழுத்தி, `main.cpl` என்று அடித்துத் திறந்து Turn on ClickLock டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்தி விட்டாலே பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால், வயர்லெஸ் மவுஸா? பேட்டரியை மாற்றுங்கள், ரிசீவரை நீல நிற யு.எஸ்.பி. 3 போர்ட்டிலிருந்து எடுத்து ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரில் மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த போர்ட்டில் ஏதாவது ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும்.

தம்பியின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அங்கே நன்றாக இருக்கிறது. அவன் வைத்திருப்பது உபுண்டு. அப்படியென்றால் என் விண்டோஸ்தானே தப்பு?

இங்கேதான் நிறைய பேர் ஏமாந்து விண்டோஸைத் திரும்பப் போடுகிறார்கள். உபுண்டுவில் மவுஸ், டச்பேடைக் கவனித்துக்கொள்ளும் libinput என்ற சாஃப்ட்வேர், ஸ்விட்ச் துள்ளுவதைக் கண்டுபிடித்துத் தானே வடிகட்டிவிடும். வடிகட்டுவதற்கு முன்னால் என்ன வருகிறது என்று பார்க்க `sudo apt install evtest` என்று நிறுவிவிட்டு, `sudo evtest` போட்டு, வரும் பட்டியலில் உங்கள் மவுஸின் எண்ணைக் கொடுத்து, நிதானமாக ஐம்பது தடவை கிளிக் செய்யுங்கள். என்னிடம் வந்த ஒரு மவுஸில் ஒரே கிளிக்குக்கு இப்படி வந்தது:

```
time 1718000012.402113 ... (BTN_LEFT), value 1
time 1718000012.496120 ... (BTN_LEFT), value 0
time 1718000012.511118 ... (BTN_LEFT), value 1
```

value 1 என்றால் அழுத்தியது, 0 என்றால் விட்டது. விட்டதற்கும் மறுபடி அழுத்தியதற்கும் நடுவில் 15 மில்லிசெகண்ட். மனித விரலால் அவ்வளவு வேகமாக முடியாது. இல்லாவிட்டால் இன்னொரு விண்டோஸ் மெஷினில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதாது.

எனக்கும் தானாக கிளிக் ஆகிறது. லேப்டாப், மவுஸ் கிடையாது, டச்பேட் மட்டும். ஓரத்தில் கொஞ்சம் மேலே தூக்கினாற்போல இருக்கிறது.

உங்களுடையது வேறு கதை, அவசரமானது. அடியில் இருக்கும் பேட்டரி உப்பி டச்பேடைத் தள்ளுகிறது என்றுதான் நினைக்கிறேன். சார்ஜரைக் கழற்றி, ஆஃப் செய்து, அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

பட்டன் இடுக்கில் டபிள்யூ.டி. 40 அடித்தேன், இரண்டு வாரம் சூப்பராக இருந்தது. மறுபடி அடிக்கலாமா?

வேண்டாம். அது எண்ணெய்ப் பசையை விட்டுப்போகும், தூசி ஒட்டும். எலக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு பரவாயில்லை, கறைதான் காரணம் என்றால் கொஞ்ச நாள் தாங்கும். தகடு தளர்ந்திருந்தால் ஸ்விட்சை மாற்றுவது ஒன்றே வழி. மவுஸின் வழுக்குப் பட்டைக்கு அடியில் திருகு இருக்கும், ஸ்விட்சின் மூன்று காலையும் சால்டரிங்கில் எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். முந்நூறு ரூபாய் மவுஸுக்கு இந்தப் பாடு தேவையில்லை.

ஸ்விட்ச் மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது, மறுபடி இரட்டை கிளிக்.

போட்டது புதிய ஸ்விட்சா, வேறு மவுஸிலிருந்து கழற்றியதா? கால்களில் சால்டரிங் அயர்னை எவ்வளவு நேரம் வைத்தார்கள்? சூடு அதிகமானால் உள்ளே பிளாஸ்டிக் இளகித் தகடு நகர்ந்துவிடும். பலகையின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.