பெயரை நீக்கிய பிறகும் கட்டுரை திரும்பி வந்தால்

“பெங்களூரில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பெயரை நீக்கிவிட்டுத்தான் கட்டுரையை அனுப்பினேன். ‘கட்டுரையாளரை அடையாளம் காட்டும் விவரங்கள் உள்ளன’ என்று மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பிவிட்டார்கள். இன்னும் எங்கே பார்க்க வேண்டும்?”

அந்த ஆய்விதழின் வழிகாட்டுதல்களில் மதிப்பீட்டு முறை பற்றிய பத்தியை முதலில் படியுங்கள். கட்டுரையாளரும் மதிப்பீட்டாளரும் ஒருவரையொருவர் அறியாத முறை என்றால், பெரும்பாலும் இரண்டு கோப்புகள் கேட்பார்கள். பெயர், நிறுவனம், நன்றியுரை, நிதியுதவி ஆகியவை தலைப்புப் பக்கக் கோப்பில் இருக்க வேண்டும். மதிப்பீட்டாளருக்குப் போகும் கோப்பில் இவற்றில் எதுவும் இருக்கக் கூடாது. கட்டுரையை அனுப்பும்போது நிரப்பும் சரிபார்ப்புப் பட்டியலில் இதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும், அதைப் படிக்காமலே டிக் செய்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

பெங்களூரின் பீனியா பகுதி ஆயத்த ஆடைத் தொழிலாளர்களைப் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். அதில் “எமது பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தது” என்ற வரியுடன் குழுவின் பெயரும் இருந்தால், நிறுவனம் தெரிந்துவிடும். ஒப்புதல் பெறப்பட்டது என்பதை மட்டும் கட்டுரையில் விட்டுவிட்டு, குழுவின் பெயரையும் ஒப்புதல் எண்ணையும் தலைப்புப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அதே வேகத்தில் பீனியா என்ற பெயரையும் அழித்துவிட வேண்டாம். களம் எது என்று தெரியாமல் மதிப்பீட்டாளரால் ஆய்வை எடைபோட முடியாது.

சொந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டும் இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். “முந்தைய கட்டுரையில் நாங்கள் காட்டியபடி” என்று எழுதி அடைப்புக்குறிக்குள் உங்கள் பெயரையும் ஆண்டையும் போட்டால், முதல் பக்கத்தில் பெயரை நீக்கியதில் பயனில்லை. சில இதழ்கள் அந்த இடத்தில் பெயரை எடுத்துவிட்டு ‘கட்டுரையாளர்’ என்று மட்டும் போடச் சொல்லும். வேறு சில, பெயரை அப்படியே வைத்து, வேறொருவரின் ஆய்வைச் சொல்வதுபோலப் படர்க்கையில் எழுதச் சொல்லும். வழிகாட்டுதலில் இதைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால் இரண்டாவது வழியே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் மேற்கோளை மறைத்தால் உங்கள் வாதம் எதன்மேல் நிற்கிறது என்பதும் சேர்ந்தே மறைந்துபோகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் திரும்பி வந்தால், கோப்பின் பண்புகளைப் பாருங்கள். வேர்டில் File > Info > Check for Issues > Inspect Document என்று போனால், கோப்பில் பெயர்களோ உங்கள் நெறியாளர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளோ தங்கியிருக்கின்றனவா என்று காட்டி, அவற்றை நீக்கவும் வழி தரும். இதைப் பிரதி ஒன்றில் செய்யுங்கள், நீக்கிய குறிப்புகள் எப்போதும் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரும் ‘அத்தியாயம் 3’ என்பதும் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

உங்கள் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏற்கெனவே ஏறியிருந்தால் தலைப்பைத் தேடியே உங்களைக் கண்டுபிடித்துவிடலாம். அதை உங்களால் தடுக்க முடியாது. இக்கட்டுரை எந்த ஆய்வேட்டிலிருந்து உருவானது என்பதைப் பதிப்பாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் சொல்லிவிடுங்கள்.