கூட்டு வண்டி: தவணையைக் கிலோமீட்டரில் பிரிக்க வேண்டாம்

கேள்வி: களக்காட்டில் வாழைத்தார் வியாபாரம் செய்கிறேன். நானும், பந்தல் வாடகைக்கு விடும் ஒரு அண்ணாச்சியும் சேர்ந்து பழைய குட்டியானை ஒன்றை 3 லட்சத்துக்கு வாங்கப்போகிறோம். முன்பணம் 1 லட்சம், மீதிக்கு மாதம் 7,200 வீதம் 36 தவணை. நான் மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுவேன், அவர் 800. எல்லாவற்றையும் ஓட்டப்படி பிரிப்போம் என்கிறார் அண்ணாச்சி. சரிதானா?

பதில்: ரிப்பேருக்குச் சரி, முன்பணத்துக்கும் தவணைக்கும் சரியில்லை. வண்டி ஓடினாலும் நின்றாலும் தவணை கட்டித்தான் ஆக வேண்டும். அதைக் கட்டக்கட்டத்தான் வண்டி உங்கள் சொத்தாகிறது. ஓட்டப்படி பிரித்தால் மாதம் நீங்கள் 4,320, அவர் 2,880. கடன் முடியும்போது தவணையில் மட்டும் நீங்கள் அவரைவிட 51,840 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். அப்புறம் விற்கிற பணத்தில் பாதி தனக்கு என்று அவர் கேட்டால் சண்டைதான். அதனால் முன்பணம், தவணை, இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் சரிபாதி. 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம் எடுக்க வேண்டும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கூடுதலாக ஓட்டுகிறவர் வண்டியைக் கூடுதலாகத் தேய்க்கிறார், உண்மைதான். அதற்குத் தனியாக ஒரு பொதுப்பணம் வையுங்கள். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 2,400, அவர் பங்கு 1,600. டயர், ஆயில், கிளட்ச், பிரேக் எல்லாம் இந்த 4,000-லிருந்து. பழைய வண்டியில் மீட்டர் ஓடாமல் கிடப்பது சகஜம், அதை முதலில் சரிசெய்யுங்கள். சாவி கைமாறும்போதெல்லாம் மீட்டரைப் போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

டீசலைக் கிலோமீட்டரில் பிரிக்காதீர்கள். தார் ஏற்றிய வண்டியும் நாலு ஷாமியானாத் துணி ஏற்றிய வண்டியும் ஒரே அளவு குடிக்காது. டேங்க் நிரம்பிய வண்டியை எடுத்தவர், நிரப்பித்தான் திருப்பித் தர வேண்டும். யார் ஓட்டினார், எவ்வளவு ஏற்றினார் என்ற பேச்சே வராது.

பாரம் அதிகமாகி ஸ்பிரிங் பட்டை உடைந்தால், போலீஸ் அபராதம் விழுந்தால், எங்காவது இடித்து இன்ஷூரன்ஸில் வராத தொகை நின்றால், அது பொதுப்பணத்திலிருந்து போகக் கூடாது. அன்றைக்கு வண்டியை வைத்திருந்தவர் பொறுப்பு. உங்கள் தொழிலில் பாரம் அதிகம் என்பதால், எடைமேடைச் சீட்டை நீங்கள் பத்திரமாக வைத்திருப்பது உங்களுக்கே பாதுகாப்பு.

ஆர்.சி. ஒருவர் பெயரில்தான் வரப்போகிறது என்றால், விபத்து வழக்கும் பைனான்ஸ்காரர் நோட்டீஸும் அவரைத்தான் தேடி வரும். மற்றவர் பாதிப் பணம் போட்டதற்கோ அதில் அடையாளமே இருக்காது. அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே, முத்திரைத்தாளில் சாட்சியோடு ஒப்பந்தம் எழுதிவிடுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். ஒருவர் நடுவில் விலகினால், அன்றைய சந்தை விலையில் பாக்கிக் கடனைக் கழித்து, மிச்சத்தில் பாதியை மற்றவர் எத்தனை மாதத்துக்குள் தர வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.