துபாயில் இறங்கியதும் போன் எந்த நெட்வொர்க்கில் சேர்கிறது?

மகளைப் பார்க்கத் துபாய் போனேன். இங்கேயே ரோமிங் பேக் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டேன். அங்கே போன் தானாக வேறொரு நெட்வொர்க்கில் சேர்ந்துகொண்டது. இப்போது போஸ்ட்பெய்டு பில்லில் பேக் தனி, ரோமிங் கட்டணம் தனி. நான் செய்த தவறு என்ன?
– கொழிஞ்சாம்பாறை வாசகி

உங்கள் மீது தவறு இல்லை. அந்த நெட்வொர்க்கை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பெரும்பாலும் உங்கள் சிம்முக்குள் கம்பெனி எழுதி வைத்திருக்கும் முன்னுரிமைப் பட்டியல்தான் தேர்ந்தெடுத்திருக்கும். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஒரு நெட்வொர்க்கின் எண்ணும், அதை 2ஜி, 3ஜி, 4ஜி ஆகியவற்றில் எதில் தேட வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும் அடுத்தவை கம்பெனியையும் குறிக்கும். அமீரகத்தில் எடிசலாட்டின் எண் 424 02, டூவின் எண் 424 03.

விமானம் இறங்கி நீங்கள் ஏர்பிளேன் மோடை எடுத்ததும், போன் முதலில் கடைசியாகச் சேர்ந்திருந்த நெட்வொர்க்கையும் பிறகு சொந்த நெட்வொர்க்கையும் தேடுகிறது. துபாயில் இரண்டும் கிடைக்கப் போவதில்லை. அடுத்து, பயனாளர் தாமே எழுதிக்கொள்ளக்கூடிய பட்டியல் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அதன் பிறகுதான் கம்பெனியின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. மேலே இருக்கும் பெயர் பயன்படுத்தத் தக்க அளவில் கிடைத்துவிட்டால், கீழே இருப்பதன் சிக்னல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பட்டியலில் அந்த நாட்டின் பெயர் ஒன்றுகூட இல்லையென்றால், நல்ல சிக்னல் உள்ளவற்றில் ஒன்றைக் குலுக்கல் சீட்டுப் போல எடுத்துக்கொள்கிறது.

உங்களுக்கு நடந்ததை இப்படி வைத்துப் பாருங்கள். சிம் வாங்கிய காலத்தில் 02 மேலேயும் 03 கீழேயும் எழுதப்பட்டிருந்தது. பின்னர் கம்பெனி ஒப்பந்தத்தை மாற்றி, 03-இல் மட்டும் செல்லும் பேக்கை விற்கத் தொடங்கியது. அப்படியானால் பட்டியலையும் அவர்கள் தொலைவிலிருந்தே திருத்தியிருக்க வேண்டும். திரையில் தெரியாத ஓர் எஸ்.எம்.எஸ். சிம்முக்கு வரும், கம்பெனியிடமும் சிம்மிடமும் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் சிம் அதைச் சரிபார்த்து, புது வரிகளை எழுதிக்கொண்டு, பட்டியலை மறுபடி படிக்கும்படி போனுக்குச் சொல்லும். அந்த நேரத்தில் போன் அணைந்திருந்து, செய்தியின் கெடுவும் முடிந்துவிட்டால், திருத்தம் வந்து சேராது. அது வரவில்லை என்று உங்களுக்கு யாரும் தெரிவிப்பதும் இல்லை.

துபாயில் சேர்ந்த பிறகு திருத்தம் வந்தாலும், போன் உடனே மாறும் என்று சொல்வதற்கில்லை. உடனே தேடு என்ற கட்டளை உடன் வராவிட்டால், மேலான நெட்வொர்க் இருக்கிறதா என்று போன் இடைவெளி விட்டுத்தான் பார்க்கும். அந்த இடைவெளி 6 நிமிடத்தின் மடங்காக 8 மணி நேரம் வரை இருக்கலாம். சிம்மில் எதுவும் எழுதாவிட்டால் 60 நிமிடம். அந்தத் தேடலும் போன் சும்மா இருக்கும்போதுதான் நடக்கும். பேரக்குழந்தைக்கு யூடியூப் ஓடிக்கொண்டிருந்தால், பேக் செல்லாத நெட்வொர்க்கிலேயே டேட்டா தொடர்ந்து செலவாகிக்கொண்டிருக்கும்.

இங்கே எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. ரோமிங் பேக் விளம்பரத்தில் நாடுகளின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எந்த நாட்டில் எந்த நெட்வொர்க்கில் அது செல்லும் என்பதை விதிமுறைகளின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கிறார்கள். சிம்மின் பட்டியலை எழுதுவதும் திருத்துவதும் அவர்கள். அந்தப் பட்டியல் தவறான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பணம் கட்டுவது மட்டும் வாடிக்கையாளர். பேக் வாங்கியவர் பேக் செல்லாத நெட்வொர்க்கில் இருக்கும்போது டேட்டாவை அனுமதிக்காமல் நிறுத்துவது கம்பெனிக்கு இயலாத காரியம் அல்ல. அதைச் செய்யாமல் பில் அனுப்புவதை நான் வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகவே பணத்தைக் கேளுங்கள். பில்லில் வெளிநாட்டு நெட்வொர்க்கின் பெயர் இருக்கும் வரிகளைக் குறித்துக்கொண்டு, நெட்வொர்க் தேர்வு தானியங்கியில்தான் இருந்தது என்று எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். அதன் பிறகு பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசிப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்த முறை டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்தபடியே இறங்குங்கள். திரையில் தெரியும் பெயர் பேக்கில் உள்ள பெயர்தானா என்று பார்த்து, இல்லையென்றால் கையால் மாற்றிய பிறகு டேட்டாவைத் திறங்கள்.

சிம்மின் ரோமிங் லிஸ்ட்டை அப்டேட் செய்து தருவதாகக் கடையில் 300 ரூபாய் வாங்கினார்கள். உண்மையா?
– புத்தூர், ஆந்திரா

பொய். கம்பெனியின் பட்டியலை எழுதும் சாவி கடைக்காரரிடம் கிடையாது. அவர் நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் செய்து போனை அணைத்துப் போட்டிருப்பார். ரசீதோடு போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

சிம் அப்டேட் செய்யாவிட்டால் இன்றிரவு லைன் கட் ஆகும் என்று போன் வந்தது. ஓ.டி.பி. கேட்கிறார்கள்.
– குமுளி

கொடுக்காதீர்கள். உண்மையான திருத்தம் உங்களிடம் எதையும் கேட்காது.

சிங்கப்பூரிலிருந்து வந்த பிறகு இரண்டு நாளாக நகரியில் சிக்னலே இல்லை. போன் பழுது என்று புதுப் போன் வாங்கிவிட்டேன். அதில் சரியாக வருகிறது. பழைய போனுக்கு வாரண்டி கேட்கலாமா?
– நகரி

கேட்க முடியாது. சிங்கப்பூரில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு அப்படியே வந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்தப் போன் நகரியில் சிங்கப்பூர்க் கம்பெனியைத் தேடிக்கொண்டிருக்கிறது. Automatically select network என்பதைத் திறந்துவிடுங்கள். புதுப் போன் வாங்கும் முன்பு இந்தக் கடிதத்தை எழுதியிருக்கலாம்.

வீடு தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது. தமிழ்நாட்டு பி.எஸ்.என்.எல். சிம். முன்வாசலில் தமிழ்நாடு, கொல்லைப்புறத்தில் கேரளா. பட்டியல் கெட்டுவிட்டதா?
– மீனாட்சிபுரம், பாலக்காடு

கெடவில்லை. ஒரே கம்பெனியானாலும் வட்டத்துக்கு வட்டம் எண் வேறு, தமிழ்நாட்டு பி.எஸ்.என்.எல். 404 80, கேரளம் 404 72. கேரளக் கோபுரத்தில் சேர்ந்திருக்கும் போன், நாடு ஒன்றே என்பதால், சொந்த எண் கிடைக்கிறதா என்று இடைவெளி விட்டுத் தேடும், கிடைத்தால் திரும்பிவிடும். உங்கள் பிளானில் உள்நாட்டு ரோமிங் சேர்ந்திருந்தால் செலவு இல்லை. அந்தத் தேடலில் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் கரையும்.

பத்து வருடத்து சிம். வெளிநாடு போகுமுன் மாற்றலாமா, அல்லது டிராவல் இ-சிம் வாங்கலாமா?
– மறையூர்

சிம்மை மாற்றிவிடுங்கள். பழைய ஜி.எஸ்.எம். சிம்மின் பட்டியலில் நெட்வொர்க்கின் எண் மட்டும் இருக்கும், 4ஜியில் தேடு என்று எழுத அதில் இடமே கிடையாது. 5ஜியில் இன்னொரு வழியும் உண்டு: போன் அங்கே பதிவாகும்போதே சொந்தக் கம்பெனி முத்திரையிட்டுப் பட்டியலை அனுப்பலாம், நடுவில் இருக்கும் வெளிநாட்டு நெட்வொர்க் அதைத் திருத்தினால் போன் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு நெட்வொர்க்குகளும் உங்கள் போனும் அந்த வசதியை ஏற்க வேண்டும்.

டிராவல் இ-சிம்மிலும் இதே பட்டியல்தான். அதை எழுதியிருப்பது பெரும்பாலும் மூன்றாவது நாடு ஒன்றின் கம்பெனி. கொழும்புக்குப் போக நான் வாங்கிய ஒன்று, தங்கியிருந்த அறையில் வேறொரு நெட்வொர்க் முழுச் சிக்னலில் இருக்க, ஒரு கோடு மட்டும் காட்டும் நெட்வொர்க்கிலேயே நின்றது. கையால் மாற்றிப் பார்த்தால், ஒப்பந்தம் இல்லாததால் அந்த நெட்வொர்க் சேர்த்துக்கொள்ளவில்லை. விற்றவர்கள் பணத்தைத் திருப்பவும் இல்லை. நீங்கள் போகும் ஊரில் எந்தெந்த நெட்வொர்க்கில் சேரும் என்று பெயர் சொல்லி எழுதாத இ-சிம்மை வாங்காதீர்கள்.