மூன்று வருஷக் குத்தகைப் பணம்: மொத்தமாக வாங்குவதா, வருஷா வருஷமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): எங்கள் தென்னந்தோப்பை மூன்று வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். இப்போதே மொத்தமாக வாங்கினால் 2,20,000 ரூபாய். வருஷா வருஷம் வாங்கினால் 90,000. அதில் 50,000 ரூபாய் கூட வருகிறதே, அதையே ஒத்துக்கொள்ளலாமா?

அந்த 50,000 ரூபாயை லாபம் என்று இப்போதே எழுதிவிடாதீர்கள். மூன்றாம் வருஷம் வரும் 90,000 ரூபாயும் இன்று கைக்கு வரும் 90,000 ரூபாயும் ஒன்றல்ல. இன்றைய பணத்தை பேங்கில் போட்டால் வட்டி வரும், கடனை அடைத்தால் வட்டி மிச்சம். அதனால் பிறகு வரும் தொகையில் அந்த வட்டியைக் கழித்துத்தான் இன்றைய மதிப்பைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்குக் கடன் இல்லை, டெபாசிட்டில் 8 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கால்குலேட்டரில் 90,000 போட்டு 1.08 ஆல் வகுங்கள்: 83,333. அதாவது இன்று 83,333 ரூபாயை டெபாசிட் செய்தால் ஒரு வருஷத்தில் 90,000 ஆகும். முதல் வருஷ முடிவில் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு அவ்வளவுதான். வந்த விடையை இன்னொரு முறை 1.08 ஆல் வகுத்தால் 77,160, அது இரண்டாம் வருஷத்துக்கு. மறுபடியும் வகுத்தால் 71,445, அது மூன்றாம் வருஷத்துக்கு. கூட்டினால் சுமார் 2,31,900. மொத்தப் பணத்தைவிட 12,000 ரூபாய் அளவுக்குத்தான் கூடுதல்.

இப்போது உங்கள் நகை 12 சதவீத வட்டிக்கு அடகில் இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கை 1.12 ஆல் வகுத்துப் போட்டால் கூட்டுத்தொகை 2,16,200 தான். 2,20,000 ரூபாயை இன்றே வாங்கி நகையை மீட்பதே மேல். இரண்டும் சமமாகும் இடம் 11 சதவீதம். உங்கள் வட்டி அதற்கு மேலா கீழா என்று மட்டும் பாருங்கள். பக்கத்துத் தோப்புக்காரர் என்ன முடிவெடுத்தார் என்பது உங்களுக்கு உதவாது, அவருடைய கடன் வேறு.

நீங்கள் எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த 90,000 வருஷத் தொடக்கத்திலா, முடிவிலா? மேலே போட்டதெல்லாம் முடிவில் வரும் என்ற கணக்கு. தொடக்கத்தில் தந்தால் முதல் 90,000 இன்றே கையில் இருக்கும். 12 சதவீதத்தில் பார்த்தாலும் மொத்த மதிப்பு 2,42,100 ஆகிவிடும். தொகையை ஏற்றச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, ‘ஆண்டுத் தொடக்கத்தில்’ என்ற சொல்லைப் பத்திரத்தில் தேதியோடு எழுதி வாங்குங்கள். நம் பக்கத்தில் பல குத்தகைப் பத்திரங்களில் ‘வருடம் ஒன்றுக்கு’ என்று மட்டும் இருக்கும். அப்படி எழுதினால் பணம் கடைசி மாதத்தில்தான் வரும்.

கேள்வி (வண்ணாமடை): விலைவாசி ஏறுவதால்தானே நாளைய பணத்துக்கு மதிப்புக் குறைகிறது? விலை ஏறாவிட்டால் இந்தக் கணக்கு எதற்கு?

விலைவாசி ஒரு காரணம்தான். அரிசி விலை பத்து வருஷம் அப்படியே நின்றாலும், இன்றைய பணத்தில் ஒரு கறவை மாடு வாங்கிப் பால் ஊற்றலாம். அந்த வருமானம் தாமதமாக வரும் பணத்துக்குக் கிடையாது. அப்புறம், வராமலே போகும் ஆபத்து. 2016க்குப் பிறகு சுருள் வெள்ளை ஈ தென்னையைத் தாக்கியபோது, காய்ப்புக் குறைந்த தோப்புகளில் குத்தகைதாரர் சொன்ன தொகையைத் தர முடியாமல் திணறினார்கள். ஆளின் மேல் சந்தேகம் இருந்தால் 8க்குப் பதில் 14, 15 சதவீதம் வைத்துக் கழித்துப் பாருங்கள்.

கேள்வி (கோபாலபுரம்): கொப்பரை வியாபாரி, ‘இன்றைக்கே வேண்டுமென்றால் 98,000, 45 நாள் பொறுத்தால் ஒரு லட்சம்’ என்கிறார். எது சரி?

அந்த 2,000 ரூபாய், 98,000க்கு 45 நாள் வட்டி. வருஷக் கணக்கில் சுமார் 16.5 சதவீதம். உங்களுக்கு 12 சதவீதக் கடன் இருந்தால், 98,000க்கு 45 நாள் வட்டி சுமார் 1,450 ரூபாய். பொறுத்தால் மிஞ்சுவது 550. அந்த 550 ரூபாய்க்காக ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கை நம்பிக் கொடுக்கிறீர்கள். 45 நாள் 70 நாளானால் வட்டி 2,250 ரூபாயைத் தாண்டி நஷ்டமாகிவிடும். போன இரண்டு முறை அவர் சொன்ன தேதிக்குத் தந்தாரா என்று உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். தரவில்லையென்றால் 98,000ஐ இன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.